அறையைக் காலி செய்த பிறகும் கார்டில் நிற்கும் பணம்

ஓட்டல் விருந்தினருக்குத் தொலைபேசியில் என்ன பதில் சொல்வது?

தசரா நாட்களிலும் கோடை விடுமுறையிலும் மைசூர் ஓட்டல்கள் நிரம்பிவிடும். திம்பம் மலைப்பாதை ஏறி ஈரோடு, கோவைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு. பெங்களூர் வழியாகச் சென்னையிலிருந்து வருகிறவர்களும் உண்டு. அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை என்று இரண்டு நாள் சுற்றிவிட்டு ஊர் திரும்புவார்கள். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் ஓட்டலின் வரவேற்பு மேசைக்கு ஒரு தொலைபேசி வரும்.

"பில் பணம் முழுவதும் கட்டிவிட்டேன். ஆனாலும் என் கார்டிலிருந்து எடுத்த பத்தாயிரம் ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லையே, ஏன்?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரியாமல், "ஒரு வாரத்தில் வந்துவிடும் சார்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிற சிப்பந்திகள் பலர். சில சமயம் அது உண்மையாகிவிடும். சில சமயம் அந்த ஒரு வாரத்துக்குள் விருந்தினரின் கடன் தவணை பணமில்லாமல் திரும்பிவிடும். விருந்தினராகத் தங்கிய குமாஸ்தாவுக்கும், மேசைக்குப் பின்னால் நிற்கும் குமாஸ்தாவுக்கும் இந்த விஷயம் ஒரே அளவு தெரிந்திருப்பது நல்லது.

எடுத்த பணமல்ல, பூட்டிய பணம்

முன்பெல்லாம் ஓட்டலில் அறை எடுத்தால் ரொக்கமாக முன்பணம் வாங்கி, ரசீது கொடுத்து, கல்லாவில் வைப்பார்கள். கிளம்பும்போது பில்லைக் கழித்துக்கொண்டு பாக்கியை எண்ணித் தருவார்கள். கார்டு வந்த பிறகு அந்த முன்பணத்தின் இடத்தில் வந்ததுதான் இந்த 'ஹோல்டு'. முன் அனுமதி என்றும் சொல்வார்கள்.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளே பெரிய வித்தியாசம் உண்டு. ரொக்க முன்பணம் ஓட்டலின் கல்லாவுக்கு வந்துவிடுகிறது. ஹோல்டில் ஒரு ரூபாய்கூட ஓட்டலுக்கு வருவதில்லை. விருந்தினர் கார்டு வாங்கிய பாங்கிடம், "இவர் கணக்கில் பத்தாயிரம் ரூபாயை எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள், பில் எவ்வளவு என்று பிறகு சொல்கிறோம்" என்று ஓட்டல் கேட்கிறது. பாங்க் சம்மதித்து, அந்தத் தொகையைக் கணக்குக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறது. பணம் விருந்தினருடையதுதான். அவர் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் பூட்டைத் திறக்கும்வரை அவரால் அதைத் தொட முடியாது.

ஆகவே "பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று விருந்தினர் கேட்கும்போது, ஓட்டலிடம் திருப்பி அனுப்புவதற்கு ஒன்றுமே இல்லை. இதைத் தெரியாமல் சில புதிய சிப்பந்திகள் மெஷினில் 'ரீஃபண்ட்' போட்டுவிடுவதும் உண்டு. அப்படிச் செய்தால், வராத பணத்தை ஓட்டல் தன் கையிலிருந்து கொடுத்ததாகிவிடும். பூட்டும் தன் பாட்டுக்கு அப்படியே இருக்கும்.

கடன் கார்டாக இருந்தால் இந்தப் பூட்டு கடன் வரம்பைக் குறைக்கும். ஐம்பதாயிரம் வரம்பு உள்ளவருக்கு நாற்பதாயிரம்தான் செலவழிக்க முடியும். அதற்கு வட்டி கிடையாது. மாத பில்லிலும் செலவாக ஏறாது. எனவே பெரும்பாலோர் கவனிப்பதேயில்லை. சம்பளக் கணக்கின் டெபிட் கார்டாக இருந்தால்தான் வலி தெரியும். அங்கே பூட்டப்படுவது கையிலுள்ள பணமே.

பூட்டு எப்படித் திறக்கிறது?

ஓட்டல் மெஷினிலிருந்து செய்தி முதலில் ஓட்டலின் பாங்குக்குப் போகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நிறுவனத்தின் வழியாக விருந்தினரின் பாங்குக்குப் போகிறது. பூட்டு போட வேண்டும் என்ற செய்தி போய்ச் சேரச் சில விநாடிகள்தான் ஆகும். விருந்தினர் மேசையருகே நிற்கும்போதே அவருடைய கைபேசிக்கு பாங்கின் குறுஞ்செய்தி வந்துவிடும்.

திறப்பது அப்படியல்ல. அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழிதான் முறையான வழி. விருந்தினர் கிளம்பும்போது, முதல் நாள் போட்ட அந்தப் பூட்டின் மீதே இறுதி பில்லை முடிக்க வேண்டும். பில் 7,480 ரூபாய் என்றால், அந்தப் பத்தாயிரத்தில் 7,480 மட்டும் எங்களுக்கு, மற்றது அவருக்கு என்று மெஷினில் பதிகிறார்கள். அன்றிரவு ஓட்டல் மெஷினின் நாள் கணக்கை முடித்து அனுப்பும். ஒன்றிரண்டு வேலை நாட்களில் அது விருந்தினரின் பாங்குக்குப் போய்ச் சேரும். அங்கே அனுமதி எண்ணை வைத்து, இது எந்தப் பூட்டுக்கு உரிய பில் என்று ஒப்பிட்டு, 7,480 ரூபாயைப் பற்று எழுதிவிட்டு மீதி 2,520 ரூபாயை விடுவிப்பார்கள். நடுவில் விடுமுறை வந்தால் மேலும் ஒன்றிரண்டு நாள் கூடும்.

இரண்டாவது வழி ரத்து. விருந்தினர் ரொக்கமாகவோ, வேறு கார்டிலோ, யு.பி.ஐ. மூலமாகவோ பில்லைக் கட்டிவிட்டால், பழைய பூட்டை ஓட்டல் தானாக முன்வந்து ரத்து செய்ய வேண்டும். ரத்துச் செய்தி போனதும் சில பாங்குகள் அன்றே விடுவிக்கும். சில பாங்குகள் ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது வழி, யாரும் ஒன்றும் செய்யாமல் விட்டால் நடப்பது. பூட்டுக்கு ஒரு காலக்கெடு உண்டு. அந்தக் கெடு தீர்ந்ததும் பாங்கின் கம்ப்யூட்டர் தானே அதை அவிழ்த்துவிடும். ஆனால் அந்தக் கெடு எவ்வளவு நாள் என்பது கார்டு கொடுத்த பாங்கைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் விடுகிற பாங்கும் உண்டு. அதைவிட நெடுநாள் வைத்திருக்கிற பாங்கும் உண்டு. ஓட்டல் அறைகளுக்கான பூட்டை ஏறக்குறைய ஒரு மாதம்வரை வைத்திருக்கக் கார்டு நிறுவனங்களின் விதிகள் இடம் தருகின்றன. "ஒரு வாரத்தில் வந்துவிடும்" என்று ஓட்டல் சிப்பந்தி உறுதி சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். அந்தக் கெடு அவர் கையிலும் இல்லை, அவர் முதலாளி கையிலும் இல்லை.

தவறு நடக்கும் இடம்

பெரும்பாலான தகராறுகள் விருந்தினர் கிளம்பும் அவசர நேரத்தில் தொடங்குகின்றன. காலை பத்து மணிக்கு மேசையருகே பத்துப் பேர் நிற்பார்கள். வாசலில் டாக்சி காத்திருக்கும். பழைய சீட்டைத் தேடி எடுத்து, அதிலுள்ள எண்ணைப் பதிந்து பில்லை முடிப்பதற்குப் பதிலாக, சிப்பந்தி கார்டை வாங்கிப் புதிதாக ஒரு விற்பனை போட்டுவிடுகிறார். அல்லது விருந்தினரே யு.பி.ஐ. அட்டையைப் பார்த்துவிட்டு, "இதிலேயே அனுப்பிவிடுகிறேன்" என்று அனுப்பிவிடுகிறார். இரண்டிலும் பில் தீர்ந்துவிடுகிறது. ஓட்டலின் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் நாள் போட்ட பூட்டோடு இந்தப் பணத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாததால், பாங்கைப் பொறுத்தவரை ஓட்டல் இன்னும் பில் அனுப்பவில்லை. பூட்டு அப்படியே நிற்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டிலிருந்து ஒரு குமாஸ்தா வெள்ளிக்கிழமை மாலை மைசூர் வந்து குடும்பத்தோடு இரண்டு இரவு தங்குகிறார். சம்பளக் கணக்கில் 18,600 ரூபாய் இருக்கிறது. ஓட்டலில் டெபிட் கார்டில் பத்தாயிரம் ஹோல்டு போடுகிறார்கள். அவர் எடுக்கக்கூடிய பணம் 8,600 ஆகக் குறைகிறது. ஞாயிறு காலை பில் 7,480 ரூபாய். அதை அதே கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் கட்டிவிட்டு வண்டி ஏறுகிறார். இப்போது கணக்கில் உண்மையில் இருப்பது 11,120 ரூபாய். அவர் தொடக்கூடியது 1,120 ரூபாய் மட்டும். புதன்கிழமை காலை அவருடைய மோட்டார் சைக்கிள் கடன் தவணை 3,500 ரூபாயை பாங்க் தானாக எடுக்க வேண்டும். எடுக்கப் போனால் பணம் போதாது. தவணை திரும்பும், அதற்கு பாங்க் ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்த கம்பெனியும் தன் பங்குக்குப் போடும். ஓட்டலுக்கு ஒரு பைசா பாக்கி இல்லாதவர், இல்லாத பாக்கிக்காகத் தண்டம் கட்டுவார்.

திங்கட்கிழமை அவர் ஓட்டலைக் கூப்பிடுகிறார். அந்தப் பேச்சு எப்படிப் போக வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

"ஏனுங்க தம்பி, நேத்து ரூமைக் காலி பண்ணிப் பணமும் கட்டிட்டேன். அந்தப் பத்தாயிரம் இன்னும் வரலீங்களே?"

"வணக்கம் சார். உங்க பேரும் அறை எண்ணும் சொல்லுங்க. கார்டு நம்பர் முழுசா வேண்டாம். கடைசி நாலு எண் மட்டும் போதும்."

சிப்பந்தி சீட்டுக் கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைச் சீட்டை எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பில் யு.பி.ஐ.யில் கட்டப்பட்டதையும், பழைய ஹோல்டு ரத்து செய்யப்படாததையும் பார்க்கிறார்.

"சார், அந்தப் பணத்தை நாங்க எடுக்கலை. உங்க பாங்க் உங்க கணக்கிலேயே நிறுத்தி வச்சிருக்கு. நீங்க பில்லை வேற வழியில கட்டினதால நாங்க அதை ரத்து பண்ணியிருக்கணும். அது இன்னும் நடக்கலை. இப்பவே ரத்து பண்ணிச் சீட்டை உங்களுக்கு அனுப்பறேன்."

"அப்போ சாயந்திரம் பணம் வந்துடுங்களா?"

"அதை நான் உறுதியாச் சொல்ல முடியாது சார். ரத்து பண்றது எங்க வேலை, விடுவிக்கிறது உங்க பாங்க் வேலை. இன்னைக்கும் ஆகலாம், ரெண்டு மூணு நாளும் ஆகலாம். அவசரமாப் பணம் தேவைப்படுதுங்களா?"

"புதன்கிழமை வண்டி டியூ இருக்குதுங்க தம்பி."

"அப்படின்னா ரெண்டு காரியம் பண்ணுங்க சார். கார்டுக்குப் பின்னால இருக்கிற பாங்க் நம்பருக்குப் போன் பண்ணி, நான் அனுப்பற அனுமதி எண்ணைச் சொல்லிப் பூட்டை எடுக்கச் சொல்லுங்க. எங்க ஓட்டல் கடிதமும் கூடவே அனுப்பறேன். டியூவுக்குக் குறையற பணத்தை இதை நம்பி இருக்காம, செவ்வாய்க்கிழமை சாயந்திரத்துக்குள்ள கணக்கில போட்டு வச்சுடுங்க."

குறைவது 2,380 ரூபாய்தான். ஒரு நண்பரிடம் கைமாற்று வாங்கினாலும் தவணை தப்பிவிடும். பூட்டு திறந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தப் பேச்சில் சிப்பந்தி செய்த நல்ல காரியம், தன் கையில் இல்லாத தேதிக்கு அவர் வாக்குக் கொடுக்காததே. அடுத்த நல்ல காரியம், பணம் எதற்குத் தேவை என்று கேட்டது.

சீட்டில் பார்க்க வேண்டியவை

அறை எடுக்கும்போது மெஷினிலிருந்து வரும் சீட்டை விருந்தினர் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஹோல்டு என்றால் அதில் PRE AUTH என்பது போலவும், உண்மையான பற்று என்றால் SALE என்றும், ரத்து என்றால் VOID என்றும் அச்சாகியிருக்கும். மெஷினுக்கு மெஷின் வார்த்தை கொஞ்சம் மாறலாம். சிலர் ஹோல்டு என்று வாயால் சொல்லிவிட்டு நேரடியாக விற்பனையே போட்டுவிடுவதால், இந்த வார்த்தையைப் பார்ப்பது அவசியம். SALE என்று இருந்தால் பணம் உண்மையிலேயே ஓட்டலுக்குப் போகிறது. அப்போது மீதியை ஓட்டல்தான் திருப்பித் தர வேண்டும்.

அதே சீட்டில் ஆறு இலக்க அனுமதி எண்ணும், RRN என்ற பன்னிரண்டு இலக்க எண்ணும் இருக்கும். பாங்கிடம் பேசும்போது இந்த இரண்டும் கையில் இருந்தால் பூட்டைத் தேடி எடுப்பது எளிது. "மைசூர் ஓட்டல் பத்தாயிரம்" என்று மட்டும் சொன்னால் கஷ்டம்.

ரத்துச் சீட்டு கையில் இல்லாமலும், ரத்து செய்ய நாள் கடந்துவிட்டாலும் ஓட்டலின் கடிதம் உதவும். கார்டின் கடைசி நான்கு எண், தேதி, தொகை, அனுமதி எண் ஆகியவற்றை எழுதி, "இந்தத் தொகையை நாங்கள் கோரப்போவதில்லை, விடுவிக்கலாம்" என்று ஓட்டல் தாளில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பழைய ஹோல்டை மெஷின் ரத்து செய்ய மறுத்தால், ஓட்டல் தன்னுடைய பாங்கின் மெஷின் பிரிவைக் கூப்பிட்டு அவர்கள் மூலம் ரத்து செய்யலாம்.

பணம் விடுபட்டது எப்படித் தெரியும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பணம் போடும்போது வந்தது போலவே, விடுபடும்போதும் வரவு வைத்ததாகக் குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்கிறார்கள். கணக்கிலிருந்து பணம் வெளியே போகாதபோது உள்ளே வரவும் இருக்காது. எனவே பல பாங்குகளில் ஒரு செய்தியும் வராமல் பூட்டு மட்டும் மறைந்துவிடும். பாஸ்புத்தகத்திலும் ஒரு வரி இருக்காது. பார்க்க வேண்டியது இரண்டு தொகைகள்: கணக்கில் உள்ள மொத்த இருப்பு, எடுக்கக்கூடிய இருப்பு. இரண்டும் வேறுபட்டால் பூட்டு இன்னும் இருக்கிறது. இரண்டும் ஒன்றானால் திறந்துவிட்டது. சில பாங்குகள் மட்டும் டெபிட் கார்டு ஹோல்டைப் பற்றாகவே எழுதிவிட்டுப் பிறகு வரவு வைக்கும். அவற்றில் பாஸ்புத்தகத்தில் இரண்டு வரியும் தெரியும்.

முறையாக முடித்த பில்லிலும் ஒரு குழப்பம் வரும். வெள்ளிக்கிழமை பத்தாயிரத்துக்கு ஒரு செய்தி, ஞாயிற்றுக்கிழமை 7,480க்கு ஒரு செய்தி. இரண்டையும் கூட்டி 17,480 ரூபாய் போய்விட்டதாக விருந்தினர் பதறுவார். இரண்டாவது முதலாவதற்குள் அடங்கியது என்பதைச் சிப்பந்தி அமைதியாகச் சொன்னால் போதும்.

ஐந்து நாள் விதி

விஷயம் தெரிந்த விருந்தினர் சிலர், "ஐந்து நாளில் திருப்பாவிட்டால் நாளுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் பாங்க் உத்தரவு இருக்கிறதே?" என்று கேட்பார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்க் அப்படி ஓர் உத்தரவு போட்டது உண்மைதான். ஆனால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு உரியது. அதாவது, கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கடைக்காரரிடம் மெஷின் உறுதி சொல்லவில்லை என்ற நிலைக்கு. விருந்தினர் சம்மதித்து, வெற்றிகரமாகப் போடப்பட்ட ஹோல்டு அந்த வகையில் சேராது.

அதற்காக வழியே இல்லை என்றும் இல்லை. ஓட்டல் ரத்துச் சீட்டும் கடிதமும் கொடுத்த பிறகும் பாங்க் பூட்டை எடுக்காவிட்டால், பாங்கிடம் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். ஓட்டல்தான் ரத்து செய்ய மறுக்கிறது என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம்.

போலி அழைப்பு

ஹோல்டு விவகாரத்தை மோசடிக்காரர்களும் பயன்படுத்திக்கொள்ள முடியும். இணையத்தில் ஓட்டலின் பெயரில் போலித் தொலைபேசி எண் போட்டு வைத்திருப்பார்கள். பணம் வரவில்லையே என்று கூப்பிடுகிறவரிடம், "உங்கள் ஹோல்டை விடுவிக்கிறோம், வரும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்பார்கள். அல்லது யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடச் சொல்வார்கள். பூட்டை எடுக்க விருந்தினரிடமிருந்து எந்த ரகசிய எண்ணும் தேவையில்லை. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ.யில் ரகசிய எண் போடவேண்டியதே இல்லை. போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஓட்டலைக் கூப்பிட பில்லில் அச்சிட்ட எண்ணையும், பாங்கைக் கூப்பிடக் கார்டுக்குப் பின்னால் உள்ள எண்ணையும் மட்டுமே நம்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது இரண்டு நிமிடம்

இத்தனை தொலைபேசியும் வராமல் செய்ய, அறையைக் காலி செய்யும்போது இரண்டு நிமிடம் போதும். கார்டில் ஹோல்டு போட்டிருந்தால் பில்லையும் அதே ஹோல்டின் மீது முடிக்கச் சொல்ல வேண்டும். வேறு வழியில் கட்டினால், பழைய ஹோல்டை ரத்து செய்து, ரத்துச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கை நம்பி இருப்பவர்கள் அந்தக் கார்டைக் கொடுக்காமல், "முன்பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று முதலிலேயே கேட்டுப் பார்க்கலாம். சம்மதிக்கும் ஓட்டல்கள் உண்டு. அங்கே பாக்கி கிளம்பும்போதே எண்ணிக் கையில் வந்துவிடும்.